ஏழே முக்கால்

அந்த அலுவலகத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது பல்குத்தும் குச்சிகள்தான். முதலாளி மதியம் சாப்பிட்டு முடித்ததும் என் மேசைக்கு வந்து, பல்லைக் குத்திக்கொண்டே திரையைப் பார்ப்பார். குத்தி முடித்த குச்சியை வருகைப் பதிவுத் தாள்களின் மேல் வைத்துவிட்டுப் போவார். அதை ஒரு காகிதத்தால் பிடித்து எடுத்துக் குப்பையில் போடுவது என் வேலையாகிவிட்டிருந்தது. யாரும் சொல்லி வந்த வேலையல்ல.

சைகோனின் கான் ஹொய் பகுதியில் ஒரு சந்துக்குள், மூன்றாவது மாடியில் இருந்தது அந்த இடம். கீழே கிடங்கு. நகரின் நடுவிலுள்ள டிஸ்ட்ரிக்ட் 1 ஹோட்டல்களுக்குப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் மணிக்கணக்கில் ஆள் அனுப்புவதுதான் எங்கள் தொழில். முதலாளி காரைக்குடிப் பக்கத்துக்காரர், இருபது வருடமாகச் சைகோனில் இருந்தும் கடையில் பேரம் பேசும் அளவுக்கே அவர்கள் மொழி தெரிந்தவர். நான் காரைக்காலிலிருந்து கணவரின் கப்பல் கம்பெனி வேலையோடு வந்தவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சம்பளக் கணக்குப் பார்க்கச் சேர்ந்தேன். வியட்நாமிய மொழியும் ஓரளவு வந்துவிட்டதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒரு மேற்பார்வைப் பெண் இருப்பாள். யார் எத்தனை நேரம் வேலை செய்தார்கள் என்று கைபேசியில் தட்டி அனுப்புவாள். அந்த ஊரில் ஏழு மணி நாற்பத்தைந்து நிமிடத்தை 7g45 என்று எழுதுவார்கள். g என்பது அவர்கள் மொழியில் மணியைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. எழுத்து கலந்திருப்பதால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கூட்டச் சொன்னால் பூஜ்யம் வரும். ஆகவே பக்கத்துக் கட்டத்தில் அதை எண்ணாக மாற்ற ஒரு சூத்திரம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டது. மாதக் கடைசியில் நான் அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவேன். எண்கள் வரும். மணிக்கூலியால் பெருக்குவேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று. அந்தச் சூத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூட நான் திறந்து பார்க்கவில்லை.

ஒரு மாதம் முதலாளி மொத்த நேரத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பார்த்தார். யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று பார்ப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு ஆசை. ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் ஒரு பெண் எல்லோருக்கும் மேலே நின்றார். ஐம்பது வயதிருக்கும். நான் அவரை 'சி' என்பேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை 'எம்' என்பார், தங்கை. அவருடைய அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. அந்த மாதத்திலிருந்துதான் அந்த நாட்களில் அவர் சீக்கிரம் கிளம்பத் தொடங்கியிருந்தார். சீக்கிரம் போகிறவருக்கு 194.3 மணி நேரம். ஒரு நாளும் தவறாமல் இருபத்தாறு நாள் முழு நேரமும் நின்றவர்களுக்கு 193.7.

"மேற்பார்வைக்காரியும் இவளும் கூட்டு. எழுதுறதுல களவாணித்தனம் பண்றாளுக. என்னன்னு பாரும்மா" என்றார் முதலாளி.

ஹோட்டலுக்குப் போய்க் கையெழுத்துப் புத்தகத்தைப் பார்த்தேன். களவு எதுவும் இல்லை. காலை ஆறு மணிக்கு உள்ளே. பன்னிரண்டு நாட்கள் ஒன்று இருபதுக்கு வெளியே. சோறு தின்னும் கால் மணி நேரத்தைக் கழித்தால் ஏழு மணி ஐந்து நிமிடம். மேற்பார்வைப் பெண் அதை 7g5 என்று சரியாகவே தட்டியிருந்தாள். ஐந்துக்கு முன்னால் பூஜ்யம் போடவில்லை, அவ்வளவுதான். எங்கள் கணக்குத் தாளில் அது 7.5 ஆகியிருந்தது. ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகியிருந்தது.

திரும்பி வந்து சூத்திரத்தைத் திறந்தேன். அதற்குள் இருந்தது ஒரே ஒரு காரியம்: g என்ற எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தசமக் குறியைப் போடு. அந்த ஊரில் அது காற்புள்ளி. நான் இங்கே புள்ளியாகவே எழுதுகிறேன். அறுபதால் வகுப்பது எங்குமே இல்லை. 7g5 வந்தாலும் 7.5, 7g50 வந்தாலும் 7.5. அப்புறம்தான் அடுத்த வரியைப் பார்த்தேன். 7g45 அங்கே 7.45 என்று நின்றுகொண்டிருந்தது.

ஏழே முக்கால் மணி நேரம் என்றால் 7.75. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு நாளைக்கு 0.30 மணி, அதாவது பதினெட்டு நிமிடம் குறைகிறது. இருபத்தாறு நாளைக்கு 7.8 மணி. ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு முழு நாள் எங்களுக்குச் சும்மா பாத்திரம் கழுவியிருக்கிறார்கள். அந்த எண்களை எட்டு மாதம் இழுத்துவிட்டவள் நான். கையைக் கழுவப் போனேன். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

சூத்திரத்தைத் திருத்தினேன். g-க்கு இடப்பக்கம் இருப்பதை எண்ணாக எடு, வலப்பக்கம் இருப்பதை அறுபதால் வகுத்து அதோடு கூட்டு, வலப்பக்கம் ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு நாளையும் முன்கூட்டியே சுருக்காமல், மாதம் முழுவதையும் கூட்டிய பிறகுதான் இரண்டு தசமத்துக்குச் சுருக்க வேண்டும். முழு நேரம் நின்றவர்களுக்கு 201.5 வந்தது. சி-க்கு 193.5.

முதலாளியிடம் சொன்னேன். "அண்ணே, அந்தம்மா மேல தப்பில்ல. சூத்திரம்தான் தப்பு. மத்தவங்களுக்கெல்லாம் தினமும் குறைஞ்சுக்கிட்டு இருக்கு."

அவர் நிமிரவில்லை. "பதினெட்டு நிமிஷம்தானம்மா. அத ஏன் பெரிசு பண்ற."

நான் இன்னும் எண்ணைச் சொல்லியிருக்கவில்லை.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னது அவருக்கே உறைத்ததாகத் தெரியவில்லை. உறைத்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார். வருடக்கணக்காகத் தெரிந்தே இருந்திருக்கிறது. கூடுதலாகப் போன ஒன்றுதான் அவர் கண்ணில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் பன்னிரண்டு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம் வீதம் ஐந்து மணி நேரக் கூலியைத் திரும்ப வாங்க வேண்டும் என்றார். மற்றது அப்படியே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் சி வந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. முதலாளி எதிரே உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அஞ்சு மணி நேரக் காசு திரும்பத் தரணும்னு சொல்லு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். என் வாயில் அந்த வாக்கியம் கெட்டுப்போன பால் மாதிரி இருந்தது.

சி கோபப்படவில்லை. தாளைக் காட்டச் சொன்னார். 7g5 எப்படி 7.5 ஆனது என்று கேட்டார். விளக்கினேன். புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு அவர் விரல் மெதுவாகக் கீழே இறங்கி 7g45 மேல் நின்றது.

"அப்படியென்றால் இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "என்ன கேக்குறா?" என்றார். சொன்னேன். "அத விடு. அஞ்சு மணி நேரத்த மட்டும் பேசு" என்றார்.

சி அதற்குள் கைபேசியை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். நாற்பத்தைந்தை அறுபதால் வகுத்தார். திரையில் வந்ததை என்னிடம் நீட்டினார். நான் வியட்நாமிய மொழியில், "நீங்கள் போட்டதுதான் சரி, சி" என்றேன். அந்த அறையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதுவும் முதலாளிக்குப் புரியாத வேகத்தில் சொன்னது.

பதினான்கு நாள் முழு நேரம் வேலை செய்திருந்தார். பதினான்கு பதினெட்டு இருநூற்றைம்பத்திரண்டு நிமிடம். கூடுதலாக வந்த முந்நூறு நிமிடத்திலிருந்து அதைக் கழித்தார். நாற்பத்தெட்டு நிமிடம். பையிலிருந்து பணத்தை எடுத்து, அதற்கு உரிய தொகையை மட்டும் எண்ணி, மேசையில் வைத்தார்.

"நாற்பத்தெட்டு நிமிடம்தான் உங்களுடையது. அது எனக்கு வேண்டாம்" என்றார்.

முதலாளி பணத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார். நான் எதிர்பார்க்காதது அதுதான். வெட்கப்பட்டு வேண்டாமென்று சொல்வார் என்று ஒரு கணம் நம்பியிருந்தேன்.

ஒரு வாரத்துக்குள் எல்லா ஹோட்டல்களிலும் இந்தக் கணக்கு பரவிவிட்டது. பாத்திரம் கழுவுகிறவர்கள் கைபேசியில் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி திருத்திய சூத்திரத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், வேறு வழியில்லாமல். அதற்கடுத்து டெத் என்ற அவர்கள் புத்தாண்டுப் பண்டிகை வந்தது. விடுமுறைக்கு முந்தைய நாள் எல்லோரையும் கிடங்கில் கூட்டி, சிவப்பு உறைகளை ஒரு தட்டில் அடுக்கி, அதை என் கையில் கொடுத்தார். உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கணக்குப் போட்டவளே நான்தான். ஆளுக்கு ஒரு பழைய மாதத்துக் குறைவு, அவரவருக்கு வர வேண்டிய கூலி. அதை நிறுவனத்தின் புத்தாண்டு அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். ஒருவர் படம் எடுத்தார். முதலாளி ஒவ்வொரு படத்திலும் சிரித்தார். தட்டோடு பக்கத்தில் நான் நின்றேன். எனக்கும் ஒரு உறை இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

சி வரிசையில் கடைசியாக வந்தார். உறையை வாங்கியதும் அங்கேயே பிரித்தார். அவர்கள் வழக்கத்தில் கொடுத்தவர் முன்னால் அப்படிப் பிரிக்க மாட்டார்கள். எண்ணினார். என்னிடம், "மற்ற மாதங்கள், எம்?" என்று கேட்டார். நன்றி சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து முதல் நாளே சீக்கிரம் போனேன். நான் வந்த நாளிலிருந்து எட்டு மாதத்துத் தாள்களையும் புதிய சூத்திரத்தில் ஓடவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள்: தட்டிய நேரம், கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியது, வித்தியாசம். எழுபதுக்கு மேல் வந்தன. அச்சு இயந்திரம் நடுவில் மை தீர்ந்து நின்றது. கீழே ஓடி வாங்கி வந்தேன். கட்டாகக் கட்டி ஆற்றோரத்து ஹோட்டலின் பின்வாசலில் சி-யிடம் கொடுத்தேன். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். எனக்கு முந்தைய வருடங்களின் தாள்கள் என்னிடம் இல்லை என்று சொன்னேன். "தெரியும்" என்றார். உள்ளே அழைக்கவில்லை.

அன்றே வேலையை விட்டேன். முதலாளி காரணம் கேட்டார். கண்ணைப் பார்த்துச் சொல்லும் தைரியம் வரவில்லை. வீட்டில் வேலை அதிகம் என்று பொய் சொன்னேன். "நல்ல பிள்ளம்மா நீ, போய்ட்டு வா" என்றார்.

பிறகு மேற்பார்வைப் பெண் ஒருத்தி எனக்குச் செய்தி அனுப்பினாள். சி அந்தத் தாள்களை முதலில் ஹோட்டல் மேலாளரிடம்தான் கொண்டுபோயிருக்கிறார். ஹோட்டல், பேர் கெடும் என்று பயந்து, ஒப்பந்தத்தை நிறுத்துவோம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறது. ஐந்து மாதத்துக்கான குறைவு மூன்று தவணையில் வந்திருக்கிறது. பாக்கி மாதங்களுக்கு எதுவும் வரவில்லை. முந்தைய வருடங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சி இப்போது வேறு ஹோட்டலில், நேரடி வேலையில் இருக்கிறார். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்று அவள் எழுதினாள்.