மூன்று ஃபிரேம்களில் விட்டுப்போன ஊன்றுகோல்

விடுமுறைக்கு வந்திருந்த மகளின் ஸ்கூட்டரை விராலிமலைப் பக்கம் ஒரு லாரி உரசியது. காலில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தாள். அவள் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும், அவள் வேலை பார்த்த சென்னை அனிமேஷன் ஸ்டுடியோ ஒரு கிளிப் செய்து அனுப்பச் சொன்னது. பிடித்திருந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம்.

நார்த்தாமலைப் பாறையில் அவள் நடப்பதை நான்தான் போனில் எடுத்தேன். சில விநாடிகள்தான். அதை அசையும் ஓவியமாக்க வேண்டும். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை.

"எல்லா ஃபிரேமும் வரைய வேண்டாம்மா, மூணு போதும். நடக்க ஆரம்பிக்கிறது, நடுவுல ஒண்ணு, திரும்பிப் பாக்குறது. எது எங்கிட்டு நகருதுன்னு பாத்து, சாஃப்ட்வேர் ஒன் பெயிண்டை மத்ததுல பரப்பிரும்."

"திரும்பிப் பாக்குற முகத்துக்குத் தனியா ஒண்ணு எதுக்குடி?"

"மொத ஃபிரேம்ல முதுகுதானே தெரியுது? வரையாத முகத்துக்கு அது எங்க போகும்? கொண்டையை எடுத்து மூக்குல அப்பிரும்."

மூன்று ஃபிரேம்களையும் தாளில் மங்கலாக அச்செடுத்துத் தந்தாள். கோடு விலகாமல் அதன்மேலேயே போஸ்டர் கலர் தீட்டினேன். அவள் ஸ்கேன் செய்து, வீடியோவோடு மூலைக்கு மூலை பொருத்தி, ஓடவிட்டாள்.

சேலையின் நீலம் மடிப்போடு அசைந்தது. நான் தொடாத ஃபிரேம்களிலும் என் தூரிகைத் தடம் இருந்தது. பிறகுதான் அதைப் பார்த்தோம். அவள் கைக்குக் கீழே ஒரு துண்டுப் பாறை, ஓரங்கள் நெளிய நெளிய, கூடவே நடந்து வந்தது.

"மலையையா இழுத்துக்கிட்டுப் போறேன்?" என்று சிரித்தாள். உடனே தாள்களை எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் ஊன்றுகோல் இல்லை. அது இருந்த இடத்தில் பாறையின் நிறம்.

"ஏம்மா?"

"அது இல்லாம ஒன்னைப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்றேன்.

அவள் மூல வீடியோவை எடுத்து, கோலைத் தொட்டுக் காட்டினாள்.

"வீடியோவுல கோல் இருக்கும்மா. நீ பாறைன்னு பூசினா, அது போற எடமெல்லாம் பாறையைத் தூக்கிட்டுப் போகும். மறைக்காது. இப்படியே அனுப்பினா, இவளுக்கு வேலை மறந்துபோச்சும்பாங்க. நல்ல கலராக் குடு. பாறைக்கு எடுப்பா இருக்கட்டும்."

பளிச்சென்று மஞ்சள் குழைத்தேன். முதல் இரண்டு தாள்களில் கோட்டுக்குள் நிறத்தை நிரப்பினேன். மூன்றாவதில் அவள் விரல்கள் கோலைப் பற்றியிருந்த விதத்தை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். இறுக்கம் இல்லை, பழகிய பிடி. இந்தமுறை ஓடவிட்டபோது மஞ்சள் கோல் முன்னே ஊன்ற, அவள் அதன் பின்னால் போனாள். கடைசியில் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டுடியோ வரச் சொல்லிவிட்டது. பஸ் ஏறும்போது, "போயிட்டு வாரேன்மா. அந்தப் பழைய கிளிப்பை அழிச்சிரு, மானம் போகுது" என்றாள்.

இன்னும் அழிக்கவில்லை. அதில் பாறை நெளிகிற இடத்தை விரலால் மறைத்துக்கொண்டால், அவள் மட்டும் நடந்து போகிறாள்.