அவர் தேர்ந்தெடுத்த வருஷம்

காலையில் மனைவிக்குத் தலை பின்னிவிடுவது லிஃப்ட் மெக்கானிக்கின் வேலை. அவள் கைகள் நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. சீப்பு நழுவுகிறது, ரப்பர் பேண்டுக்குள் விரல் போகமாட்டேன் என்கிறது. ஆயுசு முழுக்க இரும்புக் கயிறுகளோடு புழங்கியவர் என்பதால் இழுத்துத்தான் பின்னுவார். "கொஞ்சம் லூஸா விடுங்க, என் தலையில யாரும் தொங்கப்போறதில்ல" என்பாள். அவர் தளர்த்துவார். அடுத்த நாள் மறுபடி இறுக்கிவிடுவார்.

பின்னி முடித்து, மருந்தையும் தண்ணீரையும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். பகலில் மச்சினி வந்து பார்த்துக்கொண்டாள். அவள் மகளுக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அவருக்கு அறுபது வயது ஆகப்போகிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கப்போகிறார். மச்சினி போகிற வாரம் இவர் வந்துவிடுவார் என்று முடிவாகியிருந்தது.

கம்பெனி பெரியது. ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் பாதியின் லிஃப்ட்டுகள் அவர்கள் பராமரிப்பில்தான். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, தங்கள் பங்காகவும் கொஞ்சம் சேர்த்து, ஓய்வுக்காலத்துக்கென்று முதலீடு செய்வார்கள். எதில் போடுவது என்று தொழிலாளி சொல்லாவிட்டால் அவர்களே ஒரு ஃபண்டில் போட்டுவிடுவார்கள். அந்த ஃபண்டுகளுக்குப் பெயர் கிடையாது, வருஷம்தான் உண்டு. ஐந்தைந்து வருஷ இடைவெளியில் வரிசையாக நிற்கும். நீங்கள் அறுபதை எட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தில் எது இருக்கிறதோ அதில் உங்கள் பணம் போய்ச் சேரும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதிய உணவு நேரத்தில், விருப்பமுள்ளவர்கள் ஃபண்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். கூட வேலை பார்க்கும், ஏறக்குறைய இவர் வயதேயான ஸ்டோர்கீப்பர் எதையும் மாற்றவில்லை. அவர் சட்டைப் பித்தானையே மனைவி சொன்னால்தான் மாற்றுவார். மெக்கானிக் மாற்றினார். யோசித்துத்தான் மாற்றினார். அறுபதில் வேலை நின்றால் பணமும் அன்றோடு முடிந்துவிடக்கூடாதே, இன்னும் எத்தனையோ காலம் சாப்பிட வேண்டுமே! எந்த வருஷம் வரைக்கும் பணம் நிற்க வேண்டுமோ அந்த வருஷத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் எண்ணிக்கொண்டார். மனைவி அவரைவிட எட்டு வயது இளையவள். அவளுக்கு எண்பது ஆகும் வருஷத்தைக் கணக்குப் போட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த ஃபண்டுக்கு மொத்தத்தையும் மாற்றினார். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை.

அதோடு அப்போது பங்குச் சந்தையும் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. வருஷக் கடைசியில் இருவரும் கணக்கைப் பார்த்தால் இவருடையது எப்போதும் ஒரு படி மேலே இருக்கும். "உன் ஃபண்டு உன்ன மாதிரியே, நாற்காலிய விட்டு எந்திரிக்காது" என்று ஸ்டோர்கீப்பரைச் சீண்டுவார். அவரும் பதிலுக்கு, "நாற்காலியில இருந்து விழுந்தா அடி கம்மியாத்தான்யா படும்" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் சந்தை விழுந்தது. செய்தியில் சொன்னார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. தன்னுடையது ஓய்வுக்கால ஃபண்டு, அதற்கும் சந்தைக்கும் என்ன என்று இருந்துவிட்டார். வேலையை விடுகிற விவரம் பேச அலுவலகத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

ஓய்வுப் பணத்தைக் கவனிக்கும் பிரிவில் இருந்த பெண் இளையவள், பொறுமைசாலி. திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். முதலில் அவர் அதை நம்பவில்லை. ஸ்டோர்கீப்பருடையது எட்டில் ஒரு பங்குதானே குறைந்திருக்கிறது, ஒரே கம்பெனி, ஒரே மாதிரி ஃபண்டு, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். அவள் விளக்கினாள். ஃபண்டின் வருஷம் தூரத்தில் இருந்தால் பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய் பங்குச் சந்தையில் இருக்கும். விழுந்தாலும் எழுந்திருக்க அந்த ஆளுக்குக் காலம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வருஷம் நெருங்க நெருங்க அவர்களே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளைக் குறைத்து, அவ்வளவாக ஆட்டம் இல்லாத கடன் பத்திரங்களில் போடுவார்கள். ஸ்டோர்கீப்பருடையதில் இப்போது பாதிக்கும் கீழேதான் பங்குகள். அதனால்தான் அவருக்கு அடி லேசு.

"அந்த வருஷம்ங்கிறது பணம் எதுவரைக்கும் வரும்னு சொல்றதில்ல அண்ணா. நீங்க வேலைய எப்போ நிறுத்துறீங்கன்னு சொல்றது."

அவர் திரையில் தன் வருஷத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "மாடி வர்றதுக்கு முன்னாடியே வேகத்தக் குறைக்கணும்" என்றார். "மாடி வந்தப்புறம் பிரேக் போட்டா உள்ள நிக்கிறவன் கால் ஒடைஞ்சுரும். இதத்தான் நான் தினமும் செட் பண்றேன்."

அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார். இதைச் செய்யுங்கள் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. எதைச் செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லலாம். அப்படியே விட்டால் சந்தை ஏறினால் ஏறும், இன்னும் விழுந்தால் இன்னும் விழும். கிட்டத்து வருஷத்துக்கு மாற்றினால் இனி விழுவது குறையும், ஆனால் விட்டது திரும்பி வருவதும் மெதுவாகத்தான். எப்படியானாலும் இதை வைத்து இந்த வருஷம் வேலையை விட முடியாது. இன்னும் மூன்று வருஷமாவது வேலை பார்த்துச் சேர்க்க வேண்டும். அவர் கிட்டத்து வருஷத்துக்கு மாற்றச் சொன்னார். இறங்கும்போது லிஃப்ட்டில் போகாமல் படியில் இறங்கினார்.

மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் மச்சினி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். முதலில் அவளிடம்தான் சொன்னார்; கேட்டுவிட்டு, பகலுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமே என்றாள் மச்சினி. ஆளுக்குக் கொடுப்பதையும் சேமிப்பதையும் ஒரே சம்பளத்தில் செய்ய முடியாது என்று அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றி, துவைத்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்: ஃபண்டு, சந்தை, ஸ்டோர்கீப்பர், அந்தப் பெண். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை. இத்தனை வருஷம் இருக்க, அந்த ஒரு வருஷத்தை எங்கிருந்து பிடித்தீர்கள் என்றுதான் கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், உனக்கு எண்பதாகிற வருஷம் அது என்று.

அவள் சிரித்தாள். சிரித்ததில் போர்வை மேல் இருந்த கை இன்னும் வேகமாக நடுங்கியது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்கதானே? நான் எண்பது வரைக்கும் இருப்பேன்னு இப்பவும் நம்புறீங்களா?"

அவர் எழுந்தார். அவள் காலடியில் சரிந்திருந்த போர்வையை இழுத்துவிட்டார். கதவை முழுக்கச் சாத்தாமல், கூப்பிட்டால் கேட்கும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனார்.