இடது கண் அப்படியே இருக்கட்டும்

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில் எனக்கு வேலை. "இது எதுக்குங்க, அது எதுக்குங்க" என்று நாள் முழுக்க சந்தேகப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, அந்தக் குணம் எனக்கே ஒட்டிக்கொண்டது. கடையில் தராசைப் பார்க்காமல் தக்காளி வாங்க மாட்டேன். அப்படிப்பட்டவள், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அப்பாவின் முகத்தைக் கொடுக்க வேண்டி வந்தது.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் மாட்ட ஒழுங்கான படம் ஒன்று இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷர், கேமராவைக் கண்டால் நழுவிவிடுவார். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் அவருக்குக் கோட்டு சூட்டு மாட்டி, பின்னால் நீலமாக ஏதோ போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். விளக்கும் ஏற்றவில்லை. "ஆளு வந்தாத்தான் விளக்கு" என்றாள். வருஷத் திதிக்குள் நல்ல படம் வந்தாக வேண்டும்.

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, மாமா வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அப்பாவின் தோளில் யாரோ கை போட்டிருந்தார். இன்னொன்று, அவருடைய கம்பெனி ஐடி கார்டுக்கு எடுத்த படம். அரியலூரில் வீட்டிலிருந்தே போட்டோ ரீடச் செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவள் நம்பர் கொடுத்தாள்.

முதல் போனிலேயே எனக்கு உறுத்தியது. செய்கிறேன், முடியாது என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்டாள்.

"வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்கக்கா, டாகுமெண்டா அனுப்புங்க. இல்லாட்டி தெளிவு போயிரும். எந்த சைஸ்ல பிரிண்ட் போடப் போறீங்க?"

"பெருசா. கேலண்டர் அளவுக்கு" என்றேன். இரண்டு படத்தையும் அனுப்பினதும் திரும்பக் கூப்பிட்டாள்.

"அந்த குரூப் போட்டோல உங்கப்பா மூஞ்சி சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்குக்கா. அவ்வளவு பெருசு தாங்காது. ஆப்ல போட்டா தெளிவா வரும், ஆனா அது கற்பனை பண்ணி ஒரு மூஞ்சிய குடுக்கும். நோட்டுப் புக்கு அளவுன்னா நான் கையால பண்ணித் தரேன்."

வேலையைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். விலை கேட்டேன். ஸ்டுடியோக்காரன் வாங்கியதைப் போல மூன்று மடங்கு சொன்னாள். தோளில் இருக்கிற கையை எடுத்தால் அந்த இடத்தில் சட்டையை வரைய வேண்டும், காதோரம் முடியைப் பிரித்தெடுக்க வேண்டும், அதுதான் நேரம் பிடிக்கும் என்றாள். பாதிப் பணம் முன்னால். திருத்தம் இரண்டு முறை அதிலேயே சேர்த்தி. மூன்றாவது முறைக்குத் தனிக் காசு. தோன்றும்போதெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்பாமல், வீட்டில் எல்லாரையும் கேட்டு மொத்தமாகச் சொல்ல வேண்டுமாம். எங்கள் கவுண்டரில்கூட இத்தனை நிபந்தனை கிடையாது.

"ஏற்கெனவே பண்ணினதைக் காட்டு" என்றேன். திருத்துவதற்கு முன், பின் என்று ஜோடி ஜோடியாகப் படங்கள் அனுப்பினாள். பின் படங்கள் பளிச்சென்று இருந்தன. நல்ல படத்தைக் கெடுத்து 'முன்' என்று காட்டுகிறாளோ என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பாட்டிக்கு மட்டும், 'பின்' படத்திலும் கன்னத்து மரு இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "வேணாம்னாங்க" என்றாள். அதையும் நான் நம்பவில்லை.

கடைசியில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னாள். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது, மாதிரிக்கு அனுப்பும் படம் எதற்கு மாதிரி. நான் எழுதினேன்: கையை எடுக்கவும். வெள்ளைச் சட்டை. முகம் ஐடி கார்டு மாதிரி இருக்கட்டும். தொடக் கூடாததற்கு ஒன்றும் எழுதவில்லை.

"குரூப் போட்டோல இடது கண் இமை சரிஞ்சிருக்கே, அதையும் சரி பண்ணவா?" என்று கேட்டிருந்தாள். சுரங்கத்தில் கல் சில்லு தெறித்து வந்த வினை அது. அந்தப் பக்கம் அவருக்குப் பார்வையும் இல்லை. எத்தனையோ கல்யாணத்தில் அவர் பின்வரிசையில் போய் ஒளிந்துகொண்டது அதனால்தான். செத்த பிறகாவது இரண்டு கண்ணும் நன்றாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஐடி படத்தில் அப்படித்தான் இருந்தன; அது எப்படி என்று நான் யோசிக்கவில்லை. "ஐடி மாதிரியே" என்று பதில் போட்டேன்.

படம் வந்தது. எனக்குப் பிடித்தது. அம்மாவிடம் மொபைலை நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாரு இந்தாளு?"

எனக்கு ரத்தம் கொதித்தது. எவனுடைய கண்ணையோ எடுத்து ஒட்டிவிட்டாள்! நான் நினைத்தது சரியாகப் போயிற்று. போனில் கேட்டால் மழுப்புவாள் என்று, லீவு போட்டுவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். அம்மாவும் கூடவே வந்தாள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடி அறை. அந்தப் பெண் ஜன்னலை மூடிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தியதை முழுக்கக் கேட்டாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எவன் கண்ணும் இல்லக்கா. நீங்க அனுப்புன ஐடிய பாத்துதான் பண்ணினேன்." ஐடி படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். "கண்ணுக்குள்ள வெளிச்சப் புள்ளி தெரியுதா? ஒரே லைட்டுன்னா ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் விழணும். இதுல ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். அன்னிக்கி எடுத்த ஸ்டுடியோவுலயே நல்ல கண்ண திருப்பி இந்தப் பக்கம் ஒட்டியிருக்காங்க."

உற்றுப் பார்த்தேன். சொன்னபடியே இருந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய கண்ணை மாற்றியிருக்கிறார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லல?"

"கேட்டேனேக்கா. நீங்கதான் ஐடி மாதிரியேன்னீங்க. எனக்கும் பண்ணி முடிச்சப்பறம்தான் புள்ளி கண்ணுல பட்டுச்சு. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், சொல்லல. அது என் தப்பு. ஆனா இது ஒரு திருத்தம்தான், கணக்குல வரும்."

அம்மா எங்கள் சண்டையைக் காதில் வாங்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், குரூப் போட்டோவில் இருந்த அப்பாவைத் தொட்டாள்.

"இந்தக் கண்ணத் தொடாத கண்ணு. அப்படியே இருக்கட்டும். இத்தன வருசம் அதோடதான குடும்பம் பண்ணினேன்."

அந்தப் பெண் எதையோ தட்டினாள். கண் மேல் வைத்திருந்த வேலை மட்டும் மறைந்து, அடியில் அப்பாவின் பழைய கண் வந்தது. தோளில் கையை நீக்கிய வேலையும், வெள்ளைச் சட்டையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனி அடுக்காக வைத்திருப்பாளாம், எதை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம் என்றாள். பிறகு அம்மாவிடமே குறிப்பைக் கேட்டு எழுதினாள். தொடக் கூடாதவை: இடது இமை, வெற்றிலைக் கறை, காதில் முடி. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. "அந்தாளு கைய மட்டும் எடு. அவன் இன்னும் உசுரோட இருக்கான்."

பிரிண்ட் வந்தபோதும் நான் சும்மா இருக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணுக்குள் புள்ளியைத் தேடினேன். இமை சரிந்த கண்ணில் புள்ளியே இல்லை. அதுதான் அவர்.

திதியன்று படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். நோட்டு அளவுதான். அம்மா தட்டோடு வந்து, தாராளமாக இடம் இருந்த, அப்பாவின் இடது பக்கமாக நின்று தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியை உரசப்போனவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். உரசாமல், தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு, அப்பாவின் வலது பக்கம் நின்றாள். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எப்போதும் அங்கேதான் போய் நிற்பாள். அந்தப் பக்கம் நின்றால்தான் அவருக்குத் தெரியும்.

விளக்கை ஏற்றினாள்.