எந்த வேலைக்கு என்று கேட்காத பதில்

கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. தெலுங்கு பேசும் ஊரில், ஐடி கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியில், ஒரு வேலைவாய்ப்பு இணையதளத்தில் இருந்தேன். ஆட்கள் தங்கள் ரெஸ்யூமேவை ஏற்றிவிட்டுக் கேள்வி எழுதுவார்கள். படித்துப் பார்த்துப் பதில் போடுவது என் வேலை. சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

ஒருநாள் ஒருவர் இரண்டு ரெஸ்யூமே ஏற்றியிருந்தார். கூடவே ஒரே வரி: 'இதில் எது நன்றாக இருக்கிறது?' எந்த வேலைக்கு என்று இல்லை.

முதலாவதில் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்த பன்னிரண்டு வருஷம், இயந்திரங்கள், அளவுக் கருவிகள் என்று விரிவாக இருந்தது. இரண்டாவதில் மேலே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பயிற்சி, அதில் கற்ற கருவிகள். தொழிற்சாலை அனுபவம் கடைசியில் இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. ஆளும் அனுபவமும் ஒன்றுதான், ரெஸ்யூமே இரண்டும் வேறு வேறு கதவுக்குப் போகவேண்டியவை.

ஆனால் எங்கள் தளத்தில் யாரும் சாஃப்ட்வேர் வேலையைத் தவிர வேறு எதையும் தேடி நான் பார்த்ததில்லை. 'இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது. கச்சிதம், தெளிவு' என்று எழுதிவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் அலுவலகத்துக்கே போன் செய்தார். பதிலின் கீழே என் பெயரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

"நாச்சாரத்துல ஒரு ஃபேக்டரியில குவாலிட்டி இன்சார்ஜ் போஸ்ட் இருந்திச்சும்மா. நீங்க சொன்ன ரெண்டாவதத்தான் அனுப்பினேன். மெஷின் தெரிஞ்ச ஆள்தான் வேணும்னு திருப்பிட்டாங்க."

"சார், எந்த வேலைக்குன்னு நீங்க எழுதலையே."

"ஹவ், ஆமா, எழுதல. நீங்களும் கேக்கலையேம்மா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"முதல் ரெஸ்யூமேவை இப்போ அனுப்பிப் பாருங்க சார்."

"போன திங்கக்கிழமையே ஆள் எடுத்துட்டாங்க."

இந்த முறை கேட்டேன். "இப்போ எந்த வேலைக்குப் பாக்கறீங்க?"

"ஏழு மாசமா வீட்ல இருக்கேன். எதுன்னாலும் சரிம்மா. எதுக்கு எதுன்னு நீங்களே சொல்லுங்களேன்."

அன்று மாலை நீளமாக எழுதி அனுப்பினேன். தொழிற்சாலைத் தரப் பிரிவுக்கு என்றால் முதலாவது; டெஸ்டிங் வேலைக்கு என்றால் இரண்டாவது, அதிலும் பன்னிரண்டு வருஷத்தை மேலே கொண்டுவாருங்கள்; எதற்கு விண்ணப்பிக்கிறீர்களோ, அந்த விளம்பரத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அதை வைத்துப் பார்க்கிறேன் என்று. முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய பதில்.

அதை அவர் திறந்து பார்த்ததாகத் தளத்தில் காட்டவே இல்லை. வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் செய்தேன், எண் உபயோகத்தில் இல்லை என்றது. அதே வாரம் இன்னொருவர் இரண்டு ரெஸ்யூமே ஏற்றி எது மேல் என்று கேட்டிருந்தார். எந்த வேலைக்கு என்று கேட்டு எழுதினேன். 'ஏதாவது ஒன்று' என்று வந்தது. அந்த வருஷம் நான் கேட்ட எல்லோரும் அதைத்தான் எழுதினார்கள்.