ரெண்டு ரெண்டாய்த் தெரிந்த படங்கள்

மஞ்சக்குப்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் கைக்கு வந்த போன் சரியாகாமல் திரும்பியதில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லத் தாமதமாகிறது, என்ன செய்ய?

சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறாள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டில் பூவும் மயிலும் போடுகிற வேலை. ஒவ்வொரு ஜாக்கெட் கையையும் முடித்ததும், இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வாள். நான்கு வருடத்து வேலை முழுவதும் அவள் போனில்தான் இருக்கிறது.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கியபோது நான்தான் மாற்றிக் கொடுத்தேன். கேபிள் போட்டுப் படங்களை எல்லாம் புதுப் போனுக்கு ஏற்றினேன். அவளுடைய அக்கவுண்டிலும் நுழைந்தேன். கிளவுடில் முன்பே சேர்ந்திருந்த படங்களும் கேலரிக்கு வந்து சேர்ந்தன. கிளவுடில் இடம் மிச்சமாகட்டும் என்று, படத்தைச் சுருக்கி ஏற்றுகிற வசதியை அந்தக் காலத்தில் போட்டு வைத்தவனும் நானே. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த வாரம் தங்கையிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"அண்ணே, எல்லா போட்டோவும் ரெண்டு ரெண்டா இருக்கு. போன்ல இடமே இல்லனு வருது."

"மூலையில மேகம் மாதிரி குறி இருக்கா? அது கிளவுட்ல பத்திரமா இருக்குனு அர்த்தம். குறி இல்லாதது போன்ல மட்டும் இருக்குறது. அதுங்கள எல்லாம் அழிச்சிடு. அழிச்சது போய் விழுற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடு."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். கடையில் இருந்தவர்களைப் பார்த்து, "இவ்வளவுதாங்க விஷயம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனேன். தறி போல நீட்டிக் கட்டிய சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டத்தில் அரக்குச் சிவப்பில், தனியாகப் பிரித்தெடுத்த ஒரு ஜாக்கெட் கை. போன வருடம் அவள் தைத்துக் கொடுத்தது. சலவைக்குப் போட்டதில் மயிலின் கழுத்து மணிகள் எல்லாம் கொட்டிவிட்டன. புதன்கிழமை அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. மற்றக் கையைப் போலவே அச்சாகச் செய்து தருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த மற்றக் கை அவர்கள் வீட்டில் இருந்ததால், இவளுக்குப் பார்த்துச் செய்யப் போட்டோ மட்டும்தான்.

"போட்டோவெல்லாம் அழிச்சிட்டியா?"

"இல்லண்ணே. நீ சொன்னத நான் செய்யல."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் சொன்னா தப்பா இருக்குமா?"

போனை நீட்டினாள். அதே மயில், ரெண்டு படம். மேகக்குறி போட்டதை விரலால் பெரிதாக்கினாள். கழுத்து மொத்தமும் தங்கநிறத்தில் கலங்கிக் கிடந்தது. குறி இல்லாததைப் பெரிதாக்கினாள். மணி மணியாய் எண்ணலாம். வரிசைக்குப் பதினாலு.

"ரெண்டும் ஒண்ணுனு நெனச்சேன். கண்ணுக்கு அப்பிடித்தான் இருந்துச்சு. அழிக்கிறதுக்கு முன்னாடி மணிய எண்ணிப் பாத்தேன், ஒண்ணுல எண்ண முடியல."

விவரம் திறந்து பார்த்தேன். ஒன்று ஐந்து எம்பி, இன்னொன்று ஒரு எம்பிகூட இல்லை. நான் ஏற்றிய ஃபோல்டருக்கு பேக்கப்பே போடவில்லை. பழைய போனும் கைவிட்டுப் போயாயிற்று. என் பேச்சைக் கேட்டிருந்தால் நான்கு வருடத்து மணிகளும் அன்றே போயிருக்கும்.

அந்த ஃபோல்டரை ஒரிஜினல் அளவிலேயே கிளவுடுக்கு ஏற்றப் போட்டேன். எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான், அவளிடம் கேட்டுக்கொண்டு, சுருங்கிப்போன படங்களை அழித்தேன். கிளவுடில் இருப்பதை அழித்தால் அவள் டேப்லெட்டிலிருந்தும் போய்விடும் என்பதையும் சொன்னேன். "சரி, அதுதான் வேணாமே" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தப்புனு தெரிஞ்சதும் திரும்பப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ எப்பவும் ஸ்பீக்கர்லதான போடுவ. அன்னிக்கும் கடையில ஆளுங்க பேசுற சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

புதன்கிழமை காலை அந்தப் பெண்ணின் அம்மா ரெண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது புதுசு என்று இவளிடமே கேட்டாராம்.

மறுநாள் கடைக்கு ஒருவர் வந்தார். "போட்டோ எல்லாம் டபுளா இருக்கு சார், ஒண்ண அழிச்சிடலாமா?" என்றார். நான் தங்கைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான் போட்டேன்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புனு எப்பிடிக் கண்டுபிடிச்சனு இவருக்குக் கொஞ்சம் சொல்லும்மா" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.