ரத்தம் கட்டியிருக்கு

நேரம் போடாமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வார்டில் இது எல்லோருக்கும் தெரியும். "சிஸ்டர் வராங்க, டைம் போடு" என்று எனக்குப் பின்னால் கிசுகிசுப்பார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டரம்மா அந்த வேலையை என் தலையில் கட்டினார். பாம்புக்கடி நோயாளிகளின் குறிப்புகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். டாக்டர் எழுதுவது கேஸ் ஷீட்டில், நர்ஸ் எழுதுவது நோட்டில், விஷமுறிவு மருந்தின் குப்பிக் கணக்கு வேறு எங்கோ. எல்லாவற்றையும் நேர வரிசைப்படி ஒரே தாளுக்குக் கொண்டு வர வேண்டும்.

"ஒரே பக்கம் சிஸ்டர். யார் எடுத்துப் பார்த்தாலும் எப்ப மருந்து, எப்ப டெஸ்ட், எப்ப ரியாக்ஷன்னு தெரியணும். நீங்க பண்ணா சரியா இருக்கும்" என்றார். புகழ்ச்சி மாதிரித்தான் இருந்தது. பழைய கேஸ் ஷீட் கட்டுகள் மேசையில் வந்து விழுந்தபோதுதான் அது தண்டனை என்று புரிந்தது.

அந்தக் கட்டுகளில் இருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவருக்கு மருந்து "டீ வந்த பிறகு" ஏறியிருந்தது. இன்னொருவருக்கு "ரவுண்ட்ஸ் முடிந்ததும்" உடம்பு அரித்திருந்தது. எந்த டீ, யாருடைய ரவுண்ட்ஸ் என்று நான் யாரைப் போய்க் கேட்பது? நான் போட்ட தாளில் ஒவ்வொரு டோஸுக்கும் ஏற ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று இரண்டு கட்டங்கள். டெஸ்டுக்கும் ரத்தம் எடுத்த நேரம், ட்யூபைச் சாய்த்துப் பார்த்த நேரம் என்று இரண்டு.

டெஸ்ட் என்றால் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடி ட்யூபில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ரத்தம் அசையாது. விரியன் கடித்து விஷம் ஏறியிருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். ஓடினால் விஷமுறிவு மருந்து. மருந்து ஏறி ஆறு மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட். உடம்பு புதிதாக உறையும் சத்தை உண்டாக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூபும் பிளாஸ்டிக் ட்யூபும் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால், புது ட்யூப் பெட்டியை என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். கஞ்சம் என்று பெயர் கிடைத்தது. கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஒரு நாள் காலை டியூட்டிக்கு வந்தபோது, ஜன்னல் ஓரப் படுக்கையில் முந்தின இரவு சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. ஊர் திருவள்ளூர் பக்கம். இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தபோது கணுக்காலில் கடி. செல்போன் வெளிச்சத்தில் பாம்பையும் பார்த்திருக்கிறார். கண்ணாடி விரியன். ராத்திரியே பத்துக் குப்பி மருந்து ஏற்றியிருந்தார்கள். கால் வீங்கியிருந்தது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அன்று சாயந்திரம் மணவாள நகரில் ஒரு மண்டபத்தில் அவருடைய தங்கைக்கு நிச்சயதார்த்தம். படுத்தபடியே போனில் சமையல்காரரை அதட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், ரத்தம் கட்டிகிச்சின்னு டாக்டரே சொல்ட்டாரு. மத்தியானம் ஊட்டுக்கு அனுப்புங்க. நான் இல்லன்னா அங்க ஒரே பேஜாரு" என்றார்.

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். பயிற்சி டாக்டர் தம்பி எழுதியிருந்தார்: ரத்தம் உறைந்தது, இனி மருந்து தேவையில்லை, வீட்டுக்கு அனுப்புவது பற்றி ரவுண்ட்ஸில் முடிவு. எதை வைத்து எழுதினார் என்று நர்ஸ் நோட்டைப் புரட்டினேன். இரவு டியூட்டி பெண் ஐந்தரைக்கு எழுதியிருந்தாள்: "ரத்தம் கட்டியிருக்கு. தொட்டால் வலி. டாக்டரிடம் சொல்லப்பட்டது."

அதிசயமாக நேரமும் போட்டிருந்தாள். சந்தோஷமாக என் தாளை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். மருந்து ஆரம்பித்தது இரண்டு பத்து. முடிந்தது மூன்று பத்து. டெஸ்டுக்குச் சாய்த்துப் பார்த்த நேரம் ஐந்தரை என்று வைத்துக்கொண்டேன். ரத்தம் எடுத்த நேரம்? எங்கும் இல்லை. அடுத்த டெஸ்ட் ஒன்பது பத்துக்குத்தானே வர வேண்டும், ஐந்தரைக்கு யார் எடுக்கச் சொன்னது? ட்யூப் ஸ்டாண்டைப் போய்ப் பார்த்தேன். படுக்கை எண் ஒட்டிய ட்யூப் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராத்திரி வந்தவுடன் எடுத்தது.

அப்போதுதான் அந்த வரியை மறுபடியும் படித்தேன். தொட்டால் வலியாம். ட்யூபில் இருக்கிற ரத்தத்தைத் தொட்டால் யாருக்கு வலிக்கும்?

படுக்கை அருகே அவருடைய மனைவி நின்றிருந்தார். "விடிகாலைல இவருக்குக் கண்ணாடி ட்யூப்ல ரத்தம் எடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். கையில ரத்தம் கட்டிக்கினு கீதுன்னு நாந்தான் அந்த சிஸ்டரைக் கூப்ட்டுக் காட்னேன். தோ, பாருங்க" என்று கணவரின் சட்டைக் கையை மேலே தூக்கினார்.

ராத்திரி ஊசி குத்திய இடத்தைச் சுற்றி நீலமாகக் கன்றிப்போய் உப்பியிருந்தது. ஒரே வார்த்தை. அந்த அம்மா சொன்னது, தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது என்று. நம் ஊரில் அடிபட்டால் அப்படித்தானே சொல்வோம்? டாக்டர் தம்பி படித்தது, ட்யூபில் ரத்தம் உறைந்துவிட்டது என்று. ஒன்று ஆபத்துக்கு அறிகுறி, மற்றது ஆபத்து நீங்கியதற்கு. இந்த மனிதர் மத்தியானம் எழுந்து போய்ப் பிரியாணி அண்டாவோடு மல்லுக்கட்டியிருந்தால்?

இரவு டியூட்டிப் பெண்ணைப் போனில் எழுப்பினேன். "கைல கன்னிப்போனதைத்தான் அக்கா எழுதினேன். டெஸ்ட் ஒம்போதுக்குத்தான? காலை டியூட்டிக்குச் சொல்லிட்டுத்தான வந்தேன்?" என்றாள் தூக்கக் குரலில். அவள் மேல் தப்பில்லை. டாக்டர் தம்பி முகம் சுண்டிப்போய், "கட்டியிருக்குன்னா க்ளாட் ஆயிடுச்சுன்னுதான் நெனச்சேன் சிஸ்டர்" என்றார். நானும்தான் அப்படி நினைத்துக் கட்டத்தை நிரப்பப் பார்த்தேன் என்று சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

டாக்டரம்மா வந்து ஈறு, சிறுநீர் எல்லாம் பார்த்தார். வேறு எங்கும் ரத்தப் போக்கு இல்லை. கன்றிய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார், பரவினால் தெரியட்டும் என்று. சரியாக ஒன்பது பத்துக்கு, டிரிப் ஏறாத நல்ல கையிலிருந்து ரத்தம் எடுத்துப் புது ட்யூபில் விட்டேன். இருபது நிமிடம் அந்த ஸ்டாண்டை ஒருவரையும் நெருங்க விடவில்லை. ஒன்பது முப்பதுக்குச் சாய்த்தேன். சரசரவென்று ஓடியது.

நோயாளி போனைக் கீழே வைத்தார். "அப்ப நிச்சயத்துக்கு..." என்று ஆரம்பித்தார்.

"தங்கச்சி கல்யாணத்துக்குப் போகணுமா வேணாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். வாயை மூடிக்கொண்டார்.

மறுபடி பத்துக் குப்பி. அது பொடியாக வரும், தண்ணீர் விட்டு மெதுவாக உருட்டித்தான் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். டாக்டர் தம்பியும் நானும் எதிரெதிரே நின்று உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இன்னா சிஸ்டர், ரெண்டு பேரும் லட்டு புடிக்கிறீங்க" என்றார் நோயாளி. பேச்சு திரும்பிவிட்டது.

மருந்து ஏற ஆரம்பித்தது பத்து மணிக்கு. கால் மணி நேரத்தில் கழுத்தைச் சொறிந்தார். பிறகு மார்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிக் குளிரில் நடுங்கினார். உடனே மருந்தை நிறுத்தித் தொடையில் அட்ரினலின் போட்டோம். தடிப்பு அமுங்கி, பிரஷர் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, மருந்தை முதலில் மெதுவாக விட்டு, பிறகு வேகம் கூட்டினோம். முடியும்போது பன்னிரண்டு. நிறுத்தியது, ஊசி போட்டது, மறுபடி ஆரம்பித்தது என்று எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தோடு தாளில் ஏற்றினேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, இனிமேல் வார்டில் 'கட்டியது' என்ற வார்த்தையே கூடாது என்று உத்தரவு போட்டார். ட்யூப் என்றால் உறைந்தது, உறையவில்லை. தோல் என்றால் கன்றியது. அவ்வளவுதான்.

அடுத்த டெஸ்ட் ஆறு மணிக்கு. என் டியூட்டி இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பழைய கேஸ் ஷீட் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. கன்றிய இடம் பேனாக் கோட்டைத் தாண்டவில்லை என்று மட்டும் நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆறு மணிக்கு ரத்தம் எடுத்தேன். அதே நேரத்தில் மண்டபத்தில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் போனில் வீடியோ கால். அந்தப் பக்கம் யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். "சத்தம் போடாதீங்க, டெஸ்ட் நடக்குது" என்று இவர் இங்கிருந்து மண்டபத்தை அடக்கினார். சத்தத்துக்கும் டெஸ்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது.

ஆறு இருபது. ட்யூபை எடுத்து மெல்லச் சாய்த்தேன். ரத்தம் அசையவில்லை. கெட்டியாக, ட்யூபோடு ஒட்டி நின்றது. போனுக்கு நேராகக் காட்டினேன். அங்கே யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, இருந்தாலும் கை தட்டினார்கள். பட்டுப்புடவையில் தங்கை போனருகே வந்து, "அண்ணா" என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டாள். "அழாத, மை கலையும்" என்றார் அண்ணன், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே. இரண்டு நாளாவது இங்கேதான் இருக்க வேண்டும், சிறுநீர் பார்க்க வேண்டும், இன்னும் டெஸ்ட் இருக்கிறது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தாளில் நேரத்தை எழுதி, உறைந்தது என்று போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மனைவி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். புடவை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர், இப்ப நான் போய் எதுனா துன்னுட்டு வரலாமா?"

ராத்திரி அவரைத் தூக்கிக்கொண்டு வந்ததிலிருந்து அந்தப் பெண் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன்.