பூ மேல் பூ

அந்தப் போட்டோவில் இருந்த பெண் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் மார்பில் கிடந்த சேலைத் தலைப்பிலிருந்து ஒரு பூவை நான் பெயர்த்தெடுக்க வேண்டும். அதுதான் எனக்கு வந்த வேலை.

தர்மபுரியில் எங்களுக்குத் துணி அச்சடிக்கும் பட்டறை இருந்தது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அச்சடிப்பார்கள். டிசைன் போடுவது நான். கல்யாணத்துக்கு முன்னால் கைகளுக்கு மருதாணி எழுதிக்கொண்டிருந்தவள்தான், பிறகு தாளுக்கு மாறினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய கடைகளுக்கு லுங்கி, வாயில் சேலை என்று வேலைக்குப் பஞ்சமில்லை. ஒற்றைச் சேலைக்கு யாரும் வந்ததில்லை.

இண்டூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தன் சின்ன மகளோடு வந்தார். விவசாயக் குடும்பம். முந்தானை முடிச்சை அவிழ்ப்பதுபோல ஒரு துணிச் சுருளை அவிழ்த்துப் போட்டோவை எடுத்து வைத்தார். ஸ்டூடியோவில் எடுத்தது. நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் நிற்கிற புருஷன்.

"பெரிய மவளுங்க. பிரசவத்துல போயிட்டா. கட்டியிருந்த சீலையோடவே அனுப்பிட்டோம். இப்ப சின்னவளை அதே மாப்பிள்ளைக்குக் குடுக்கறோங்க, சின்னப் புள்ள இருக்குதில்ல. கல்யாணத்துக்கு முன்ன பெரியவளுக்குப் பூவாடைக்காரி கும்பிடோணும். அவ கனவுல வந்து எஞ்சீலை எங்கம்மாங்கறா. கடை கடையா ஏறிட்டேன், அந்தச் சீலை எங்கியும் இல்ல."

சுமங்கலியாகப் போனவளை வீட்டுத் தெய்வமாக்கி, புதுச் சேலை படைத்து, பின் அதைக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டி அனுப்புவது அவர்கள் வழக்கம். எங்கள் மார்க்கத்தில் அதெல்லாம் இல்லை. என் வீட்டுக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, "துணிதானே கேக்கறாங்க, போட்டுக் குடு" என்றார். அவருக்கென்ன, போட்டோவோடு உட்காரப் போகிறவள் நான்.

நிறம் என்ன என்றேன். கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூ என்றார். சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினேன். முகம் மட்டும் ஒரு முறம் அளவுக்கு வந்துவிட்டது. அதை மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டியது என் மடத்தனம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் என்னையே பார்த்தாள். முகத்தின் மேல் ஒரு தாளைக் குத்தி மறைத்தேன். மறைத்த பிறகு இன்னும் அதிகமாகப் பார்ப்பதுபோல இருந்தது. குளிர்ந்துபோன ஒருத்தியின் மேல் துணி விலக்குவதாகத் தோன்றி, வேலையைத் தொடங்கும்போதெல்லாம் மனசுக்குள் அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன்.

படத்தில் முழுசாகத் தெரிந்தது ஒரே பூ. ஐந்து இதழ், இரண்டு இலை, வலப்பக்கம் ஒரு சுருள் கொடி. அந்தக் கொடி கொஞ்ச தூரம் போய்ச் சேலை மடிப்புக்குள் இறங்கி மறைந்துவிட்டது. மடிப்புக்கு அந்தப்புறம் இன்னொரு பூவின் பாதி, கொஞ்சம் தாழ்வாக. அது உண்மையிலேயே தாழ்வாக அச்சானதா, மடிப்பு இழுத்ததால் அப்படித் தெரிகிறதா? மடிப்பு எவ்வளவு துணியை விழுங்கியிருக்கிறது? படத்தைச் சாய்த்தும் கவிழ்த்தும் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மடியைப் பார்க்கலாமென்றால் அங்கே இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தாள், கொடுக்க மாட்டேன் என்பவள்போல.

ஒரு பூவை வரைவது பெரிய காரியமில்லை. அது அடுத்த பூவோடு எப்படிச் சேர்கிறது என்பதில்தான் டிசைன் இருக்கிறது. திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு கட்டத்தின் வலது ஓரத்தில் வெளியே போகிற கொடி, இடது ஓரத்தில் அதே உயரத்தில் உள்ளே வர வேண்டும். நூலிழை பிசகினாலும் ஆறு கெஜத்துக்கும் ஒட்டுப்போட்டது தெரியும். அதற்கு நாங்கள் செய்வது இதுதான்: தாளின் நடுவில் பூவை வரைந்து, தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் நாலாக வெட்டி, துண்டுகளை மூலைக்கு மூலை இடம் மாற்றி ஒட்டுவோம். வெளி ஓரமெல்லாம் நடுவுக்கு வந்துவிடும். அங்கே விழுந்த வெற்றிடத்தில் கொடியை இழுத்துச் சேர்த்தால் ஓரங்கள் தாமாகவே பொருந்தும்.

நான் நாலு விதமாகச் செய்து பார்த்தேன். பூவை அட்டையில் வெட்டி, பழைய மல் துணியில் மசி ஒற்றி, நாலு துண்டு.

முதலாவது நேர் அடுக்கு. பூவுக்குப் பக்கத்தில் பூ, பூவுக்குக் கீழே பூ. எனக்குப் பிடிக்காத அடுக்கு. பூக்களுக்கு நடுவே சந்து சந்தாகக் கோடு விழும், கண் பூவை விட்டுவிட்டுச் சந்தில் ஓடும். இரண்டாவது செங்கல் அடுக்கு, கொத்தனார் கல் வைப்பதுபோல ஒவ்வொரு கிடை வரிசையும் அரைப் பங்கு நகர்ந்து நிற்கும். மூன்றாவது அரை இறக்கம். இதில் பக்கத்து நெடுவரிசை அரைப் பங்கு கீழே இறங்கும். தாளை நெடுக்கில் மட்டும் வெட்டி, பாதிகளை இடம் மாற்றி, ஒன்றை அரை உயரம் தாழ்த்தி ஒட்டி, கீழே துருத்தியதை மேலே கொண்டுபோக வேண்டும். கொடி சரிந்து போய் அடுத்த பூவின் தோளைத் தொடும். பார்க்க அழகு. செங்கல்லையும் இறக்கத்தையும் படத்தில் பிரிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் இடுப்பில் குறுக்கே ஓடுகிற துணி தோளில் நெடுக்காக விழுகிறது, ஒன்று இன்னொன்றுபோலக் காட்டும்.

நாலாவது கண்ணாடி அடுக்கு. பூவைத் திருப்பி எதிரெதிராக வைப்பது. ஒற்றி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். எதிர்ப்பட்ட நாலு இலைகள் இரண்டு கண்ணாகவும், கொடிகள் உதடாகவும் கூடி, துணி முழுக்க ஒரு பெண் முகம் வரிசை வரிசையாக என்னைப் பார்த்தது. டிசைன் போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. திருப்பி வைத்தால் முகம் விழும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் துணியை மேசையில் வைத்திருக்க மனமில்லை. அதைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தரம் போட்டேன், என் வீட்டுக்காரர் மேலே மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

மிச்சம் மூன்று துண்டையும் பார்த்துச் சொல்லத் தாயும் மகளும் வந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

"மூணும் அவளுதாட்டமேதான் இருக்குதுங்க. எனக்கு வெளங்கல, பாயம்மா. நீங்களே போட்டோவைப் பாத்து எது நெசமோ அதைப் போட்டுடுங்க. அவ ஏமாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரிடம் சாயத்தைப் பற்றிப் பேசப் பட்டறைக்குள் போனார்.

சின்னவள் போகவில்லை. மேசை மேல் கிடந்த அரை இறக்கத் துண்டை எடுத்தாள். இரண்டு நெடுவரிசைக்கு நடுவே கோடு பிடித்து மடித்தாள். ஒரு பூ அடுத்த பூவின் மேல் விழவில்லை, இரண்டு பூவுக்கு நடுவிலிருந்த வெறும் இடத்தில் விழுந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எனக்குக் காட்டினாள்.

"இதுதானுங்க அக்கா சீலை. அவ பொறந்த வூட்டுக்கு வந்தா தொவைச்சு மடிக்கறது நாந்தான். எப்படி மடிச்சாலும் இந்த எடத்துல பூ பூ மேல ஒக்காராது. எரிச்சலா வரும்."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. வாரக்கணக்காகப் படத்தோடு மல்லுக்கட்டியது தீர்ந்தது. "அப்ப இதையே போட்டுடறேன், கண்ணு" என்றேன்.

அவள் அந்தத் துண்டைக் கீழே வைத்து, நேர் அடுக்கை என் பக்கம் தள்ளினாள்.

"இதைப் போடுங்க."

"ஏன் கண்ணு?" என்றேன்.

"அக்கா புருசன், அக்கா புள்ள, அக்கா படுத்த வூடு. அந்தச் சீலையுங் கட்டிக்கிட்டு வாசப்படி ஏறுனா அவரு யாரைப் பாப்பாரு? கண்ணாடி பாத்தா நானே யாரைப் பாப்பேன்? அம்மாகிட்ட சொல்ல முடியாதுங்க. இது அக்காளுது இல்லைன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை தேறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அவள் போன பிறகு முகத்தின் மேல் குத்தியிருந்த தாளை எடுத்தேன். நீதான் சொல்லேன் என்று போட்டோவைக் கேட்டேன். செத்தவள் கேட்கிறாள், இருப்பவளும் கேட்கிறாள், நடுவே நான் யார்? பயமாக இருந்தது. செத்தவள் சேலையில் கை வைத்தால் என் பிள்ளைகளுக்கு ஏதாவது வருமோ என்றுகூட நினைத்தேன். மார்க்கம் தெரிந்தவள் நினைக்கிற நினைப்பா அது? நினைத்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒட்டுத் தெரியாமல் அடுக்கினால் எது முதல் பூ, எது கடைசிப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் என் தொழிலின் பெருமை. அந்தப் பெண் பயந்ததும் அதற்குத்தான்.

நேர் அடுக்கையே கறுப்பு மையில் எழுதினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சந்து விழற டிசைன், உனக்குப் பிடிக்காதே" என்றார். "இதுதான் வேணுமாம்" என்றேன். வெயில் பட்டால் இறுகும் மருந்து பூசிய சல்லடைத் துணிச் சட்டத்தில் தாளை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் கழுவினோம். மை தடுத்த இடமெல்லாம் கரைந்து, பூ பூவாகச் சட்டம் திறந்தது. மேசையில் துணியைப் பரப்பி, ஈரத்தின் மேல் சட்டம் படாமலிருக்க ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அடித்து, காய்ந்ததும் விட்ட கட்டங்களை நிரப்பினார்கள். எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை. சட்டத்தை அன்றே கழுவி அழிக்கச் சொன்னேன். அந்தப் பூ சந்தைக்குப் போக வேண்டாமென்று தோன்றியது.

சேலையை வாங்க இருவரும் வந்தார்கள். அம்மாள் விரித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "அவளுதேதான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் பழக்கத்தில் சேலையை மடிக்கத் தொடங்கினார். மடித்த கை நின்றது. மடிப்பை உயர்த்தி, வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். பூ பூ மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மகளையும் என்னையும் பார்க்காமல், சேலையிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"பொறந்த வூட்டுக்கு வர்றப்பெல்லாம் பெரியவ சீலையை நானும் மடிச்சிருக்கறேன். அதுல பூ பூ மேல வராது."

சின்னவள் தரையைப் பார்த்தாள். நான் மேசை மேல் கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அந்த அம்மாள் மடிப்பைக் கலைக்கவில்லை. மடியிலிருந்து மஞ்சளை எடுத்து, எச்சில் படாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குழைத்து, சேலையின் ஒரு மூலையில் வைத்தார். பிறகு அதைச் சின்னவள் கையில் கொடுத்தார்.

"பெரியவகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். "நீ இதைக் கட்டிக்க."